ஏழு மாதம் பேசாமல் கிடந்த பின்பக்க ஸ்பீக்கர்கள்: சவுண்ட்பாருடன் இரண்டு வருட அனுபவம்

நான் வாங்கியது 5.1 சவுண்ட்பார். முன்னால் நீளமான பார், ஒரு சப்வூஃபர், பின்னால் வைக்க இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். பெட்டியோடு ஆப்டிகல் கேபிள் வந்ததால் முதலில் அதைத்தான் மாட்டினேன். அதன் இரண்டு முனையிலும் கண்ணாடி போல ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகினால் கேபிள் உள்ளே சரியாக உட்காராது. டிவி பக்கம் செருகியதும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவியிலிருந்து சிக்னல் வருகிறது என்று அர்த்தம்.

சத்தம் வந்தது, ஆனால் எதிரொலி போலக் கேட்டது. டிவியின் சொந்த ஸ்பீக்கரும் கூடவே பாடிக்கொண்டிருந்தது. சவுண்ட் அவுட்புட்டை ஆப்டிகலுக்கு மாற்றியதும் அது நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்துத்தான் ஒரு நாள் இரவு, படம் ஓடும்போது பின் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. வசனமும் மங்கலாக இருக்கிறது என்று வீட்டில் அதுவரை பல முறை சொல்லியிருந்தார்கள். சவுண்ட்பாரின் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன்: `PCM`. காரணம் அதுதான். டிவியின் ஆடியோ மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் `PCM` என்று இருந்தது. அப்படி இருந்தால், 5.1 ஒலியை டிவியே பிரித்து, இரண்டு சேனலாகச் சுருக்கி ஆப்டிகலில் அனுப்பும். பாருக்குள் இருக்கும் நடு ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் தனியாக எதுவும் போகாது. அதை, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே பாருக்கு அனுப்பும் `Bitstream` ஆக்கிவிட்டு அதே காட்சியைத் திரும்பப் போட்டேன். டிஸ்ப்ளேயில் டால்பி என்று வந்தது, பின்னால் மழைச் சத்தம் கேட்டது, வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வந்தது. ஏழு மாதம் வீணாகப் போனதே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. டால்பியைப் பிரிக்கத் தெரியாத எளிய சவுண்ட்பாருக்கு `Bitstream` அனுப்பினால் சத்தமே வராது. மெனு ஒலி கேட்கிறது, சில சேனல் கேட்கிறது, படம் போட்டால் மட்டும் அமைதி என்றால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். அந்த வகை பாருக்கு `PCM` தான் சரி.

ஆப்டிகலில் எனக்கு ஒத்துவராதது ரிமோட். "எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூட மாட்டேங்குதே" என்று அம்மா டிவி ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆப்டிகல் வழியாக ஒலி மட்டும்தான் போகும், வால்யூம் கட்டளை போகாது. அதற்காகவே, எச்டிஎம்ஐ கேபிளில் டிவியின் ஒலியைப் பாருக்குத் திருப்பி அனுப்பும் `Audio Return Channel`, அதாவது ஏஆர்சிக்கு மாறினேன்.

அங்கேயும் முதல் நாள் மௌனம்தான். ஏஆர்சி, டிவியில் அந்தப் பெயர் எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டில் மட்டுமே வேலை செய்யும். அது சரியாகத்தான் இருந்தது. சவுண்ட்பார் பக்கத்தில் `HDMI IN`, `HDMI OUT` என்று இரண்டு இருந்தன. ஒலி பாருக்குள் வருகிறதே என்று `IN`-இல் செருகியிருந்தேன். ஏஆர்சி இருப்பது `OUT`-இல். படம் டிவிக்குப் போகும் அதே கேபிளில் ஒலி எதிர்த்திசையில் திரும்பி வருகிறது, அதனால்தான் ஏஆர்சி என்ற பெயர். அடுத்து, ரிமோட் கட்டளைகளை எச்டிஎம்ஐ வழியாகப் பாருக்குக் கடத்தும் சிஇசி, டிவி செட்டிங்கில் ஆன் ஆக வேண்டும். பிராண்டுக்குப் பிராண்டு பெயர் மாறும்: `Anynet+`, `SIMPLINK`, `BRAVIA Sync`. ஆன் செய்ததும் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் ஏறி இறங்கியது. ஏஆர்சியில் இன்னொரு லாபம், ஸ்ட்ரீமிங் செயலிகள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலில் போகாது, இதில் போகும். டிவியும் பாரும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. இந்த இரண்டு வருடத்தில் நாலைந்து முறை, பெரும்பாலும் கரண்ட் போய் வந்த பிறகு, ஏஆர்சி தொடர்பு அறுந்து டிவி தன் ஸ்பீக்கருக்கே திரும்பிவிட்டது. ரிமோட்டில் அணைத்துப் போட்டால் போதவில்லை. இரண்டின் பிளக்கையும் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் பிறகு பாரையும் போட்டால் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்திருக்கிறது. ஆப்டிகலில் இந்தத் தொல்லை ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்புறம், உதட்டசைவு. செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்தால் உடனே தெரியும். சவுண்ட்பாரில் இருக்கும் ஆடியோ டிலே ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். அதனால் ஒலி முந்தி வந்தால்தான் அதைக் கூட்ட வேண்டும். எனக்கு ஒலி பிந்தி வந்தது, டிலேயைக் கூட்டக் கூட மோசமாகிக்கொண்டே போனது. அதைச் சுழியத்துக்கு இறக்கி, டிவியில் ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்தும் `Pass-through` வைத்த பிறகு வாயும் வார்த்தையும் ஒன்றாகிவிட்டன.