ஒரே மூச்சிலா, இரண்டு மூச்சிலா? நுவரெலியாவில் காற்றை அமுக்குதல்

நுவரெலியாவில் கடல்மட்டத்தைவிட காற்று மெல்லியது, அழுத்தம் சுமார் 0.8 பார்தான். கராஜ் ஒன்றின் கம்ப்ரசர் 8 பார் (தனி அழுத்தம்) தர வேண்டும், உள்ளே வரும் காற்று 15 பாகை என்று வைப்போம்.

ஒரே கட்டத்தில் அமுக்கினால், இழப்பில்லாத கணக்கிலேயே கிலோவுக்கு 269 கிலோஜூல் வேலை. காற்று 283 பாகை சூட்டில் வெளியேறும், வால்வில் எண்ணெய் கரியும்.

இரண்டு கட்டமாக்கி, நடுவில் காற்றை மறுபடி 15 பாகைக்குக் குளிர்வித்தால் 225 போதும். குளிர்ந்த காற்று சுருங்குவதால் இரண்டாம் பிஸ்டனுக்குப் பாரம் குறைகிறது. வெளியேறும் சூடும் 127 பாகைதான்.

சரி, நடு அழுத்தம் எவ்வளவு? பலர் பாதியில், 4.4 பாரில் வைக்கலாம் என நினைப்பார்கள். அப்போது வேலை 235 ஆகி, மிச்சம் பிடித்த 44இல் 10 போய்விடும். இரு கட்டமும் ஒரே விகிதத்தில் அமுக்க வேண்டும்: √(0.8 × 8) ≈ 2.53 பார். மானி வெளிக்காற்றின் 0.8ஐக் கழித்தே காட்டுவதால், அதில் இது 1.73 என்று தெரியும். முள் அதற்கு மேலே ஏறி நின்றால் முதலில் இரண்டாம் கட்ட வால்வைக் கழற்றிப் பாருங்கள். இறங்கினால் முதல் கட்ட வால்வோ அடைத்த ஃபில்டரோதான்.

தொடர்ந்து ஓடும் கராஜுக்கு நான் இரண்டு கட்டத்தையே வாங்கச் சொல்வேன். எப்போதாவது டயருக்குக் காற்றடிக்க ஒற்றைக் கட்டம் போதும்.