27 இன்ச் சரி, உள்ளே எத்தனை பிக்சல்? செந்தூல் மேசையில் ஓர் ஒப்பீடு

என் பிழைப்பே தமிழ்ப் பயிற்சிப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துப் பிழை பார்ப்பதுதான். இரண்டு வருடம் முன்பு கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்குப் போய், பெரிய திரை, குறைந்த விலை என்று இரண்டை மட்டும் பார்த்து 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் ஓடவிட்டிருந்த வீடியோவில் கடலும் மீனும் பளபளவென்று இருந்தன. செந்தூல் வீட்டுக்கு வந்து ஒரு மூன்றாம் ஆண்டுப் பாடத்தைத் திறந்தால் 'மனம்' எது, 'மணம்' எது என்று பார்க்க மூக்கைத் திரையருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே கம்பளிப்பூச்சிபோலத் தெரிந்தன. மானிட்டரில் பழுது எதுவும் இல்லை, நான் வாங்கிய ஜோடிதான் தப்பு.

ஜோடி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபுல் எச்டி என்றால் திரையின் அகலத்தில் 1920 பிக்சல் புள்ளிகள், உயரத்தில் 1080. இந்த 1920×1080 என்பது ஓர் எண்ணிக்கை மட்டும். அதை 24 இன்ச் திரையில் பரப்பினால் அகலம் சுமார் 53 செ.மீ., ஒரு பிக்சல் 0.275 மி.மீ. அதே எண்ணிக்கையை 27 இன்ச்சில் பரப்பினால் அகலம் 60 செ.மீ., பிக்சல் 0.31 மி.மீ. சாதாரண நல்ல பார்வை உள்ளவர் 60 செ.மீ. தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய நுணுக்கம் ஏறக்குறைய 0.17 மி.மீ. அந்த அளவுக்குப் பக்கத்தில் பிக்சல் இருந்தால் எழுத்தின் விளிம்பு வழவழப்பாகத் தெரியும், அதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டால் படிக்கட்டு தெரியும். ஆங்கில l, t, H எல்லாம் நேர்க்கோடுகள், படிக்கட்டிலும் தப்பித்துக்கொள்ளும். நம் எழுத்து வளைவும் சுழியும் புள்ளியுமாக இருப்பதால் சின்ன அளவில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடத்துக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான் கிடைக்கும், அதுவும் சாம்பல் நிறமாகிச் சுழி அடைத்துக்கொள்ளும்.

அதனால் கடைக்குப் போகும் முன் அளவுநாடா எடுங்கள். வழக்கமாக உட்காருகிறபடி சாய்ந்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை நிற்கப்போகிற இடம் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். என் மேசையின் ஆழம் 60 செ.மீ. மானிட்டரின் காலும் சுவரும் சேர்ந்து 20 செ.மீ. தின்றுவிடும், மேசை விளிம்புக்குப் பின்னால் என் கண் இன்னொரு 20 செ.மீ. தள்ளி இருக்கும், கடைசியில் அதே 60தான் வந்தது. கொண்டோ அறைகளில் இருக்கும் படிப்பு மேசை பெரும்பாலும் இதே கதைதான். கீழே சொல்வதெல்லாம் இந்த 60-க்குத்தான், உங்களுடையது 75 என்றால் முடிவு மாறும், அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் 24 இன்ச் ஃபுல் எச்டி. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்தால் மெனுவில் இருக்கும் H எழுத்து அளவுகோல் வைத்து அளந்தால் சுமார் 2.3 மி.மீ. உயரம், எந்தப் பழைய மென்பொருளும் தகராறு செய்யாது, விலையும் குறைவு. ஆனால் பிக்சல் 0.275, படிக்கட்டு இன்னும் கண்ணில் படும். இரண்டு பக்கத்தை அருகருகே திறந்து வைக்கவும் இடம் போதாது. கணக்கு எழுதுகிறவருக்கு, மின்னஞ்சல் பார்க்கிறவருக்கு இது தாராளம்.

அடுத்தது 27 இன்ச் 2560×1440, கடைகளில் கியூஎச்டி, 2கே என்று சொல்வார்கள். பிக்சல் 0.233 மி.மீ. தெளிவு நன்றாகக் கூடுகிறது, இரண்டு பக்கம் அருகருகே நிற்கிறது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, பெரிய திரை வாங்கியும் எழுத்து சின்னதாகிவிடும். எழுத்தை விண்டோஸ் பிக்சல் கணக்கில் வரைகிறது, பிக்சல் சுருங்கினால் எழுத்தும் சுருங்கும். அதே H இங்கே 2 மி.மீ.தான். 60 செ.மீ.யில் வசதியாக நீண்ட நேரம் படிக்க H போன்ற பெரிய எழுத்தின் உயரம் 3 முதல் 3.5 மி.மீ. வேண்டும். மெனுவை அவ்வப்போதுதான் பார்க்கிறோம், சின்னதாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். படிக்கிற பக்கத்தைப் பிரவுசரிலோ வேர்டிலோ 140, 150 என்று பெரிதாக்கிக்கொண்டால் சரியாகிவிடும். அதற்கும் பொறுமை இல்லை என்றால் `Settings > System > Display > Scale` போய் 125 வையுங்கள். கொஞ்சம் இடம் குறையும், ஆனால் அப்போதும் 24 இன்ச் ஃபுல் எச்டியைவிட அதிக இடம்தான்.

இப்போது 27 இன்ச் 4கே, இன்று என் மேசையில் நிற்பது. 3840×2160, பிக்சல் 0.155 மி.மீ., கண் பிரித்துப் பார்க்கும் எல்லைக்கே உள்ளே போய்விட்டது. 100 சதவீதத்தில் வைத்தால் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், யாரும் அப்படிப் பயன்படுத்த முடியாது. 150-இல் வைத்தால் இடமும் எழுத்தின் அளவும் 27 இன்ச் கியூஎச்டியோடு அச்சு அசலாக ஒன்று, ஏனென்றால் 3840-ஐ 1.5-ஆல் வகுத்தால் அதே 2560. "அப்புறம் எதற்குக் கூடுதல் பணம்?" என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. கூடுதல் பிக்சல் எல்லாம் இடத்துக்குப் போவதில்லை, எழுத்தின் விளிம்புக்குப் போகிறது. கியூஎச்டியில் 12 பிக்சல் உயரத்தில் வரைந்த எழுத்தை இங்கே அதே உயரத்துக்குள் 18 பிக்சலில் வரைகிறது. ண-வின் மூன்று சுழியும் திறந்து தெரிந்தது அன்றைக்குத்தான். மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாகவே இருந்தது, 27 இன்ச் ஃபுல் எச்டியில் அது ஒரு சதுர அழுக்கு.

மனைவிக்கு வெள்ளெழுத்து. அவர் உட்காரும்போது 200-க்கு மாற்றிவிடுவேன். எழுத்து நான் திருப்பிக் கொடுத்த அந்த 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரின் அளவுக்கே பெரிதாகிவிடும், ஆனால் அங்கே ஒரு பிக்சல் இருந்த இடத்தில் இங்கே நான்கு இருக்கிறது. ஒரே அளவு எழுத்து, ஒன்று கரடுமுரடு, ஒன்று அச்சிட்ட மாதிரி. ரெசல்யூஷன் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

4கே-வுக்கு இரண்டு முள் உண்டு. ஒன்று, பழைய மென்பொருள். ஸ்கேலிங் என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மென்பொருளை விண்டோஸ் சின்னதாக வரையவிட்டு, அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கும். 150-இல் ஒரு பிக்சலை ஒன்றரையாக இழுக்க வேண்டும், ஆகவே மங்கலாகத்தான் வரும். பேஜ்மேக்கரில் இன்னும் பழைய கோப்பு திறக்கிறவர்கள் நம் அச்சுத்தொழிலில் நிறைய இருக்கிறார்கள். நாள் முழுக்க அதில்தான் வேலை என்றால் 27 இன்ச் கியூஎச்டி 100 சதவீதத்தில் தருகிற எழுத்து, 4கே தருவதைவிடச் சுத்தமாக இருக்கும், பணமும் மிச்சம். எந்த மென்பொருள் இப்படி என்று கண்டுபிடிப்பது எளிது: அதன் எழுத்தும் கீழே டாஸ்க்பாரில் இருக்கும் கடிகார எழுத்தும் ஒரே கூர்மையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று கேபிள். பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 வாய் 4கே-வை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும், சுட்டியை நகர்த்தினால் அது ஒரு வாய் தே தாரிக் குடித்துவிட்டு வரும். 60 கிடைக்க எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும், லேப்டாப்பிலும் சரி கேபிளிலும் சரி.

மேக் வைத்திருப்பவர்களுக்கு என் தராசு இன்னும் 4கே பக்கம் சாய்கிறது. 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவி பதிப்பிலிருந்து பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தை மெருகேற்றும் வழக்கத்தை மேக் விட்டுவிட்டது. விண்டோஸ் அதை இன்னும் செய்கிறது. அதனால் அதே கியூஎச்டி திரை விண்டோஸில் பரவாயில்லை என்று தோன்றும், மேக்கில் மாவு படிந்தாற்போலத் தோன்றும்.

32 இன்ச் பற்றிக் கேட்டது பாயான் லெப்பாசில் இருக்கும் என் அத்தை மகன். "மச்சான், 32-இல் கியூஎச்டி மலிவாக வருகிறதே, எடுத்துவிடவா?" என்றான். எடுக்காதே என்றேன். அதன் அகலம் சுமார் 70 செ.மீ., 2560-ஆல் வகுத்தால் 0.272 மி.மீ., அதாவது 24 இன்ச் ஃபுல் எச்டியின் அதே பிக்சல். இடம் கூடும், எழுத்தின் தெளிவு ஒரு துளிகூடக் கூடாது. படம் பார்க்கவும் விளையாடவும் சரி, அவனோ நாள் முழுக்க எக்செல் கட்டத்துக்குள் எண் பார்க்கிறவன். 32 இன்ச் 4கே என்றால் பிக்சல் 0.18, அதை 150-இல் வைத்தால் 24 இன்ச்சின் அளவில் பெரிய எழுத்து, கியூஎச்டியின் இடம், ஒன்றரை மடங்கு தெளிவு. மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இதில்தான்.

பிறகு ஏன் நான் அதை வாங்கவில்லை? 70 செ.மீ. அகலத் திரையை 60 செ.மீ.யில் வைத்தால் ஓரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கிற கணக்கு. ஓரங்களில் கோணம் சாய்வதால் எழுத்தின் வெளிச்சமும் கொஞ்சம் மாறித் தெரியும். அதை வாங்கியது அத்தை மகன்தான். அவன் மேசை 75 செ.மீ. ஆழம், கண்ணுக்கும் திரைக்கும் 75 செ.மீ. வந்தது. அவ்வளவு தள்ளி உட்காரும்போது எல்லா எழுத்தும் கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு சின்னதாகிவிடும், 24 இன்ச்சின் அளவு எழுத்து அங்கே உட்கார்ந்து பார்த்தால் 60 செ.மீ.யில் பார்க்கும் 27 இன்ச் கியூஎச்டியைவிடச் சற்றுச் சின்னது. அதனால் அவன் 175-இல் வைத்திருக்கிறான். முதல் வாரம் 100-இல் வைத்துக்கொண்டு "எவ்வளவு எக்செல் வரிசை தெரிகிறது பார்" என்று படம் அனுப்பினான். இரண்டாம் வாரம் தலைவலி மாத்திரையின் பேரைக் கேட்டான். முன்னால் குனிந்து குனிந்து 75-ஐ 45 ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அவன் மனைவி எடுத்த படத்தில்தான் தெரிந்தது.

உங்கள் எழுத்து சின்னதா, கரடுமுரடா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: மெதுவாகப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் போகப் போகத் தெளிவானால் அளவுதான் குறை, ஸ்கேலிங்கைக் கூட்டினால் தீரும், புது மானிட்டர் வேண்டாம். பக்கத்தில் போகப் போகப் படிக்கட்டும் சாம்பல் விளிம்பும்தான் தெரிகிறது என்றால் பிக்சல் போதவில்லை, அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. கடையில் பார்க்கும்போது மீன் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைபேசியிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, உங்கள் மேசையின் தூரத்தில் நின்று 'கண்ணன்' என்று எங்கேயாவது இருந்தால் அதைப் படித்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், பிறகு அவனே குனிந்து, "ஆமாம் அண்ணே, பக்கத்து மானிட்டரில் இரண்டு ன-வும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்றான்.