ஒத்திகையா, ஓடும் கேமராவா?

ஒரு சிறுமி நாய்க்குட்டியிடம் ரகசியம் சொல்லும் காட்சி. ஒத்திகை பார்த்து எடுப்பதா, கேமராவை ஓடவிட்டு இயல்பாக வருவதைப் பிடிப்பதா?

இயல்பு: வசனத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்த குழந்தை ஒப்பிக்கும், வரி முடிந்ததும் கண் பெரியவர்களைத் தேடும். சூழலை மட்டும் சொல்லிவிட்டு, கேமராவை ஓடவிட்டால் பேச்சு தானாக வரும். ஷாட் தொடக்கத்தில் அடிக்கும் கிளாப் பலகையின் சத்தத்தில் நாய் மிரளலாம், அதனால் அதை ஷாட் முடிவில் அடிக்கலாம்.

எடிட்டிங்: ஒத்திகையில் டேக்குக்கு டேக் அசைவுகள் பொருந்தும். ஓடும் கேமராவில் ஒவ்வொரு டேக்கும் வேறு. அதனால் இரண்டு கேமரா வேண்டும்.

நேரம்: ஒத்திகை என்றால் நாய்க்குப் பயிற்சி முன்கூட்டியே வேண்டும், ஆனால் படப்பிடிப்பு சீக்கிரம் முடியும். கேமராவை ஓடவிட்டுக் காத்திருந்து எடுத்தால் குழந்தை களைத்துவிடும்.

உணர்வுக் காட்சிக்கு ஓடும் கேமராதான் என் தேர்வு. நாய் குறித்த இடத்தில் நிற்கவோ, குழந்தை ஓடவோ வேண்டுமென்றால், பாதுகாப்புக்காகவே ஒத்திகை.