மூணு வருஷமா ஃபைலுக்கு ஒழுங்கா பேர் வெச்சு அனுப்புறேன், அண்ணாச்சி இன்னும் ஃபோன்தான் பண்றாரு

ராயபுரத்துல அக்கவுண்ட்ஸ் பாக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன் போன வாரம் கேட்டான், நீ மெயில் சப்ஜெக்ட், பிடிஎஃப் பேரு எல்லாத்துக்கும் ஒரு முறை வெச்சிருக்கியே அது வேலைக்கு ஆகுதா, நானும் ஆரம்பிக்கலாமான்னு. அவனுக்கு சொன்னதத்தான் கொஞ்சம் நீட்டி இங்க எழுதுறேன்.

முதல்ல நான் வாங்கின அடி. பழைய வண்ணாரப்பேட்டைல ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, அவர் தம்பிக்கு பக்கத்துலயே பெயிண்ட் கடை, ரெண்டு கணக்கும் நம்மகிட்ட. அப்போல்லாம் மாசா மாசம் போடுற ஜிஎஸ்டி ரிட்டன், அதாவது GSTR3B, நாங்க சுருக்கமா சொல்ற 3பி, அத போட்ட தேதியத்தான் ஃபைல் பேர்ல வெப்பேன். மார்ச் மாச 3பிய ஏப்ரல் 20க்குள்ள போடுவோம் இல்லையா, அதனால மார்ச் கணக்கு ஏப்ரல் தேதில போய் உக்காந்துக்கும், எனக்கு அது தப்பாவே தோணல. அண்ணாச்சி கடைக்கு வாங்குற பேங்க் கடன், சிசி லிமிட், அத ரினியூ பண்ண போனாரு, பேங்க்ல 2023 ஏப்ரல்லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் 12 மாச 3பி கேட்டாங்க. மனுஷன் பேர பாத்து கரெக்டா 2023-04 முதல் 2024-03 வரைக்கும் 12 ஃபைல் எடுத்து பிரிண்ட் போட்டு குடுத்துட்டாரு. உள்ள இருந்தது 2023 மார்ச்லேர்ந்து 2024 பிப்ரவரி வரைக்கும். எண்ணிக்கை 12 சரியா இருக்கு, அதனால யாருக்கும் சந்தேகமே வரல, ரெண்டு நாள் கழிச்சுதான் மார்ச் எங்கன்னு ஃபோன் வந்துச்சு. தப்பு அவர் மேல இல்ல, நம்ம மேலதான்.

அன்னிலேர்ந்து பேர்ல எந்த மாசத்து கணக்கோ அந்த மாசம் மட்டும்தான், போட்ட தேதி உள்ள பிடிஎஃப்லயே இருக்கு, வெளிய எதுக்கு. வருஷம் முன்னாடி, மாசம் பின்னாடி. ஜிஎஸ்டி போர்ட்டல்லேர்ந்து இறங்குற ஃபைல்ல மாசம் முன்னாடி வரும், 042023, 012024ன்னு. பேர் வாரியா அடுக்கினா 2024 ஜனவரி போய் 2023 ஏப்ரலுக்கு மேல உக்காந்துக்கும். அதனால இறக்கின உடனே மாத்திடுவேன்:

```
2024-03 GSTR3B Hardware.pdf
2024-03 GSTR3B Paint.pdf
```

சப்ஜெக்ட் வேற கதை. அது நாம அடுக்குறதுக்கு இல்ல, அவரு தேடுறதுக்கு. ஒரு நாள் கடைல உக்காந்து அவர் ஃபோன்ல எப்படி தேடுறாருன்னு பாத்தேன், ஒத்த விரல்ல gst march அவ்ளோதான். 3பின்னு ஒரு தடவ கூட அடிக்கல. நான் அனுப்புற மெயில்ல march என்ற வார்த்தையே கிடையாது, gst தனியா இல்ல, GSTR3Bன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மெயில் தேடல் பெரும்பாலும் முழு வார்த்தையத்தான் பாக்கும், நடுவுல இருக்குற துண்ட பாக்காது. இப்போ சப்ஜெக்ட் இப்படி:

```
GST March 2024 GSTR3B Hardware
```

ஒவ்வொரு மாசமும் புது மெயில். முன்னாடி சோம்பேறித்தனமா பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு ஃபைல சேத்து விடுவேன், எல்லாம் Re: Documentsன்னு ஒரே மூட்டையா கட்டி கெடக்கும், அதுக்குள்ள ஜூலைய எப்படி கண்டுபிடிப்பாரு பாவம்.

இதுல எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு இருக்கு. காலேஜ் படிக்கிற அவர் பொண்ணு பேங்க் கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே கேட்ட மாசத்த எல்லாம் எடுத்து அனுப்பிடுச்சாம், அண்ணே உங்க மெயில் மட்டும்தான் தேடினா வருதுன்னு சொல்லிச்சு. ஒரு வாரம் அந்த நெனப்புலயே இருந்தேன்.

இப்போ எரிச்சல். மூணு வருஷமா தீராதது ஐடி ரிட்டன்தான். 2023 ஏப்ரல்லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் வந்த வருமானத்துக்கு போட்ட ரிட்டன்ல அசெஸ்மென்ட் இயர் 2024-25ன்னு இருக்கும். பேங்க்காரர் ஒரு வருஷத்த சொல்லுவாரு, அண்ணாச்சி இன்னொண்ண புரிஞ்சுக்குவாரு. சரின்னு வருமானம் வந்த வருஷத்துக்கு FY, அசெஸ்மென்ட் இயருக்கு AYன்னு ரெண்டையும் போட்டேன்:

```
ITR FY 2023-24 AY 2024-25 Hardware.pdf
```

இப்போ 2024-25ன்னு தேடினா ரெண்டு ஃபைல் வருது, இது ஒண்ணு, அடுத்த வருஷத்து FY 2024-25 ஒண்ணு. AY2024-25ன்னு ஒட்டி எழுதினா வெறும் 2024-25ன்னு தேடும்போது சிக்காது. பிரிச்சாலும் வம்பு ஒட்டினாலும் வம்பு. 2026 ஏப்ரல்லேர்ந்து புது சட்டத்துல டேக்ஸ் இயர்னு ஒண்ணுதான், சரி, ஆனா பேங்க்ல கேக்குறது பழைய மூணு வருஷம் ஆச்சே, அதனால இன்னும் கொஞ்ச காலத்துக்கு இந்த தலைவலி உண்டு. இப்போதைக்கு மெயில் உள்ள முதல் வரில 2024 மார்ச்ல முடிஞ்ச வருஷம்னு எழுதி விடுறேன், படிச்சா புரியும், படிச்சாத்தானே.

நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணாச்சி ஃபோன். தம்பி, அந்த ஐடிய கொஞ்சம் வாட்ஸப்ல போட்டு விடுங்களேன், மெயிலெல்லாம் யாரு தேடுறதுன்னாரு. வந்த கோவத்துக்கு ஃபோன வெச்சிடலாம்னு இருந்துச்சு. ஆனா பத்து செகண்டுல எடுத்து அனுப்பிட்டேன்ங்க. ஃப்ரெண்டுக்கு சொன்னது இதான்: கிளையன்ட்டுக்காகன்னா வேணாம்டா, விட்டுடு.