அல்கலைன் பேட்டரியும் என் ரிமோட்டும்

"அத்தான், வீட்டுக்கு எந்தப் பேட்டரிக் கட்டை வாங்கலாம், சாதாரணமா அல்கலைனா லித்தியமா?" என்று மைத்துனர் கேட்ட நேரம் சரியில்லை. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைப் பழுது பார்த்து வாங்கி வந்த அன்றுதான் கேட்டார். அதனால் இதில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். டார்ச்சுக்கு அல்கலைன்தான். எங்கள் பக்கம் ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடந்து போகிறவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. எல்.இ.டி டார்ச் விடாமல் கரண்ட் இழுக்கும். சாதாரண ஜிங்க்-கார்பன் கட்டைக்கு உள்தடை அதிகம் என்பதால் இழுக்க இழுக்க வோல்டேஜ் விழுந்துவிடும். போகும்போது பளிச்சென்று இருந்த வெளிச்சம் திரும்பும்போது மஞ்சளாகிவிடும். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். பாம்பு நடமாடும் வரப்பில் அந்த ஏமாற்று வேலை வேண்டாம்.

கடிகாரத்தில் கதை வேறு. சுவர்க் கடிகாரம் சராசரியாக 0.15 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். வருடத்திற்கு 8,760 மணி நேரம், ஆகவே ஏறக்குறைய 1,300 மில்லி ஆம்பியர்-மணி. டபுள் ஏ சாதாரணக் கட்டையில் 1,000 அளவுக்குத் தேறும், முக்கால் வருடம் ஓடும். அல்கலைனில் 2,500 கிடைத்தால் இரண்டு வருடத்திற்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஆயுள் இரண்டரை மடங்கு, எங்கள் கடைத்தெருவில் விலையோ மூன்று மடங்கு. இதில் என்ன லாபம்? சாதாரணக் கட்டை தீரப்போவதையும் கடிகாரமே காட்டிவிடும். விநாடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில், மேலே ஏறவேண்டிய இடத்தில், தத்தளித்து நிற்கும்.

இப்போது ரிமோட். பொத்தானை அழுத்தும்போது மட்டும்தான் அது கரண்ட் எடுக்கும். அதனால் அல்கலைன் போட்டால் இரண்டு மூன்று வருடம் மூடியைத் திறக்கவே தேவை இருக்காது. வினையே அங்கேதான். கட்டைக்குள் இருக்கும் துத்தநாகத் தூள் காரக் கரைசலோடு மெதுவாக வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கட்டை வற்ற வற்ற வாயு கூடும். அழுத்தம் தாங்காமல் அடிப்பக்க அடைப்பு பிளந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். காற்றுப் பட்டதும் அது வெள்ளைப் பூவாகப் பூத்து ஸ்பிரிங்கைத் தின்னும். ரிமோட்டோ வற்றிய கட்டையிலும் வேலை செய்துகொண்டே இருக்கும், நமக்கு எதுவும் தெரியாது. பழைய கட்டை ஒன்று, புதியது ஒன்று என்று சேர்த்துப் போட்டால் பழையது இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

கசிந்தது காரம் என்பதால் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். நுரைத்தது. பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தேன். வெள்ளை போய்விட்டது, ஆனால் ஸ்பிரிங்கின் பூச்சும் போய், உள்ளே சர்க்யூட் பலகையில் ஒரு செம்புக்கோடு அறுந்திருந்தது. பழுது பார்க்கும் தம்பி வேறு ஸ்பிரிங் வைத்து, கோட்டுக்குப் பதில் ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார். கட்டை உறை மேல் இன்னும் வருடக்கணக்கில் உத்தரவாதம் போட்டிருக்கிறது.

சாதாரணக் கட்டை மட்டும் ஒழுகாதா? ஒழுகும். அதில் துத்தநாகக் குவளையே எதிர்முனை. கரண்ட் தரத்தர அது கரைந்து ஓட்டையாகி, பழுப்பாக ஈரமாக ஒழுகும். அது அமிலத்தன்மை உள்ளது, அதற்கு எலுமிச்சை உதவாது, சமையல் சோடாதான். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோவதால் நாமே கழற்றி எறிந்துவிடுகிறோம்.

மிச்சம் லித்தியம். 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும் இரும்பு டைசல்ஃபைடு வகையைச் சொல்கிறேன். புதிதில் மீட்டரில் 1.8 வரை காட்டும், எடை குறைவு, காரக் கரைசலே இல்லாததால் அந்த வெள்ளைப் பூ பூக்க வழியில்லை. பெரிய கட்டை அளவில் இந்த வகை கிடையாது. ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: டபுள் ஏ அளவிலேயே 3.6 வோல்ட் லித்தியமும் உண்டு. அதை ரிமோட்டில் போட்டால் பற்றவைக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்து தேவைப்படும் அன்று எரியவேண்டிய டார்ச்சுக்கு அந்த 1.5 வோல்ட் லித்தியம்தான் சரி.

ஆக, தினம் எடுக்கும் டார்ச்சுக்கு அல்கலைன், கடிகாரத்துக்கு சாதாரணம், ரிமோட்டுக்கும் சாதாரணமே போதும் என்று மைத்துனருக்குச் சொல்லிவிட்டேன். என் ரிமோட்டில் இப்போது இருப்பது லித்தியம். அந்த விலைக்குப் புது ரிமோட்டே வாங்கியிருக்கலாம் என்கிறாள் வீட்டுக்காரி. வாங்கியிருக்கலாம்தான், ஆனால் அதற்குள்ளும் ஒரு ஜோடி கட்டை போட்டாக வேண்டுமே.