ஒரே பெட்டிக்கு இரண்டு கெடு

2025 ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்தபோது, விமான நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் எழுத நேர்ந்த புகார்க் கடிதத்தைப் பற்றி இங்கே பதிந்து வைக்கிறேன். ஊருக்கு வரும் நம்மவர்களில் பலர் பெட்டி தாமதமானாலும் உடைந்தாலும், ஊர்வேலைகளை முடித்துத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி விட்டிருந்தால் எங்கள் கோரிக்கையில் ஒரு பாதி சட்டப்படியே செத்துப்போயிருக்கும்.

ஜனவரி 8ஆம் தேதி பாரிஸில் பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில், பயணப் பொதிகளுக்கான பொறுப்பு பற்றிய அறிவிப்பு ஒன்று பிரெஞ்சில் ஒட்டப்பட்டிருந்தது. வரிசை நகராமல் நின்ற நேரத்தில் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, 9ஆம் தேதி விடியற்காலை சென்னையில் இறங்கினோம். என் பெட்டி வந்தது; அம்மாவின் பெட்டி வரவில்லை. அங்கேயே நிறுவனத்தின் மேசையில், பெட்டி வராததைப் பதிவு செய்யும் பி.ஐ.ஆர். என்ற படிவத்தை நிரப்பி, அதன் எண்ணை வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். பெட்டி சென்னைக்கு வந்துவிட்டதாக 13ஆம் தேதி, போகியன்று, தொலைபேசியில் சொன்னார்கள். சுங்கச் சோதனை இருப்பதால் வீட்டுக்கு அனுப்ப இயலாது, பயணியே கடவுச்சீட்டோடு வரவேண்டும் என்றார்கள். பொங்கல் நாளில் வண்டி கிடைக்காமல், 15ஆம் தேதி மாலைதான் போய் வாங்க முடிந்தது. வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நீண்ட நேரம் நின்று களைத்திருந்த அம்மா கையெழுத்திட்டுவிட்டார். வண்டி நிறுத்துமிடத்து விளக்கடியில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான், ஒரு சக்கரம் அடித்தகட்டோடு பிடுங்கப்பட்டு, அதைச் சுற்றி ஓடு பிளந்திருந்தது தெரிந்தது. அந்தப் பிளவு வழியாக நீர் புகுந்து, உள்ளே இரண்டு பட்டுப் புடவைகள் கறைபட்டிருந்தன. அங்கேயே படங்கள் எடுத்தேன். மேசைக்குத் திரும்பிச் சென்றபோது அது மூடப்பட்டிருந்தது.

அறிவிப்பை மேலோட்டமாகப் படித்ததில் 21 நாள் என்ற எண் மட்டும் என் மனத்தில் நின்றிருந்தது. ஜனவரி 30 அன்று பாரிஸ் திரும்பி, பிப்ரவரி 5க்குள் எழுதினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கடிதத்தை முன்கூட்டியே எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பெட்டிச் சீட்டு அம்மாவின் பயணச்சீட்டில் பதிவானது. ஆகையால் கடிதம் அவர் பெயரில்தான் போகவேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். "எம் பேர்ல போற காகிதம், என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேம்பா" என்றார். எனவே படத்திலிருந்த அறிவிப்பை வரி வரியாகத் தமிழாக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான், ஒன்று என்று நான் நினைத்திருந்த கெடு இரண்டாகப் பிரிந்தது. அறிவிப்பில் 'அவாரி' என்றொரு சொல்லும் 'ரெத்தார்' என்றொரு சொல்லும் இருந்தன. முதலாவது பொருளுக்கு நேர்ந்த சேதம், இரண்டாவது தாமதம். இரண்டையும் நான் 'பெட்டிப் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன். சேதத்துக்கு, பெட்டியைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 7 நாள். தாமதத்துக்கு, பெட்டி பயணியின் வசம் ஒப்படைக்கத் தயாராக வைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். கெடு நீளம் மட்டுமல்ல, தொடங்கும் புள்ளியைக் குறிக்கும் சொல்லும் வேறு. பன்னாட்டு விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும், இந்தியாவும் பிரான்சும் சேர்ந்திருக்கும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்வதும் இதுவே. அதில் நாள் என்பது நாள்காட்டி நாள். பொங்கல் விடுமுறையைக் கழித்துக்கொள்ள முடியாது. 15ஆம் தேதியிலிருந்து எண்ணினால் சேதத்துக்கான கடைசி நாள் 22. பெட்டி சென்னைக்கு வந்த 13ஆம் தேதியிலிருந்து எண்ணவேண்டும் என்று நிறுவனம் வாதாடினால், அது 20 ஆகிவிடும். எங்களிடம் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது.

விமான நிலையத்தில் பி.ஐ.ஆர். கொடுத்துவிட்டோமே, அது போதாதா என்று அம்மா கேட்டார். 9ஆம் தேதி கொடுத்த படிவம் பெட்டி வராததை மட்டுமே சொல்கிறது. 15ஆம் தேதி கண்ட உடைப்பை அது எப்படிச் சொல்லும்? சேதத்துக்கு எழுத்து மூலமான தனிப் புகார் தேவைப்பட்டது. அந்தப் புகார் நிறுவனத்தின் கைக்குக் கெடுவுக்குள் போய்ச் சேரவேண்டியதில்லை, கெடுவுக்குள் அனுப்பப்பட்டிருந்தாலே போதும் என்பது அதே பிரிவில் உள்ளது. ஆகவே 20ஆம் தேதி காலை தலைமை அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீது வாங்கினோம். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். நிறுவனத்துக்குப் போனது பிரெஞ்சு வடிவம். அம்மா வாசித்து ஒப்புக்கொண்ட தமிழ் வடிவத்தின் முக்கியப் பகுதி இது:

"ஐயா, கடந்த 9ஆம் தேதி சென்னைக்கு வந்த தங்கள் விமானத்தில் நான் பதிவு செய்த பெட்டி வரவில்லை. அது 15ஆம் தேதி மாலை, சேதமடைந்த நிலையில், என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இக்கடிதம் இரண்டு தனித்தனிப் புகார்களைக் கொண்டது; ஒன்றுக்குத் தாங்கள் அளிக்கும் பதில் மற்றொன்றுக்கான பதிலாகாது.

முதலாவது, சேதம். பெட்டியின் ஒரு சக்கரம் அதன் தளத்தோடு பிடுங்கப்பட்டு, ஓடு பிளந்துள்ளது. அதனால் நீர் புகுந்து இரண்டு பட்டுப் புடவைகள் கறைபட்டுள்ளன. தங்கள் அறிவிப்பின் அடியில், சக்கரம், கைப்பிடி ஆகியவற்றின் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. பதிவு செய்த பெட்டி தங்கள் பொறுப்பில் இருந்தபோது நேரும் சேதத்துக்கு, தங்கள் தவறு இல்லாதபோதும், தாங்கள் பொறுப்பு என்று உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு கூறுகிறது. பெட்டியின் இயல்பிலேயே உள்ள குறையால் நேர்ந்த சேதம் மட்டுமே அதற்கு விலக்கு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எந்த விதியும் 26ஆம் பிரிவின்படி செல்லாது. இந்தப் பெட்டி சென்ற நவம்பரில் 129 யூரோவுக்கு வாங்கப்பட்டது, ரசீது இணைத்துள்ளேன். தேய்மானத்தால் சக்கரம் தேயும், சுழலாமல் நிற்கும். ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வராது. அதற்கு வெளியிலிருந்து அடி விழுந்திருக்கவேண்டும். பெட்டியைப் பெற்றபோது நான் கையெழுத்திட்ட தாளில் நல்ல நிலையில் பெற்றதாக அச்சிடப்பட்டிருந்தால், அது மறுக்கத்தக்க முதல்நிலைச் சான்று மட்டுமே. அன்று மாலை 7.40 மணிக்குத் தங்கள் மேசையிலிருந்து சில நூறு அடி தொலைவில் எடுத்த படங்களை மறுப்பாக இணைக்கிறேன்.

இரண்டாவது, தாமதம். தாமதத்தைத் தவிர்க்க நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாகத் தாங்கள் மெய்ப்பித்தாலன்றி, 19ஆம் பிரிவின்படி அதற்கும் தாங்கள் பொறுப்பு. விமானம் மாறக் கிடைத்த 1 மணி 10 நிமிடம் நான் தேர்ந்தெடுத்ததன்று. அதை ஒரே பயணச்சீட்டாக விற்றவர்கள் தாங்கள். ஆறு நாட்களுக்கு மாற்று உடைகளுக்காக 11,400 ரூபாயும், சர்க்கரை அளவு பார்க்கும் கருவிக்கும் அதன் பட்டைகளுக்குமாக 1,850 ரூபாயும், பெட்டியை வாங்கச் சென்னைக்கு வந்து திரும்பிய வாடகை வண்டிக்கு 5,200 ரூபாயும் செலவாயின. மொத்தம் 18,450 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் ரசீது உள்ளது. தங்கள் அலுவலர் தொலைபேசியில் இழப்பீடாகக் கூறிய 50 டாலர் எந்த விதியின்படி கணக்கிடப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கறைபட்ட புடவைகளின் மதிப்பு பற்றி எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. புதுப் புடவையின் விலையைக் கேட்கலாம் என்றேன். ஒன்று பத்து ஆண்டு கட்டியது, அதற்குப் புது விலை கேட்பது முறையன்று என்றார் அம்மா. அவர் சொன்னதே சரி. இழப்பு என்பது இழந்தபோது அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்புதான். பழையதற்கு 3,000, புதியதற்கு 11,000 என்று எழுதினோம்.

அறிவிப்பில் இருந்த இன்னொரு பிழையையும் கடிதத்தின் இறுதியில் குறிப்பிட்டேன். பயணி ஒருவருக்கான உச்ச வரம்பு 1,288 எஸ்.டி.ஆர். என்று அதில் இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆக உயர்ந்துவிட்டது. அந்நாளைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,900 யூரோ. எங்கள் இழப்பு அந்த வரம்பை நெருங்கவில்லை. ஆனால் முழுப் பெட்டியையும் தொலைத்த ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்துக் கணக்கிட்டால் முந்நூறு யூரோவுக்குச் சற்றுக் குறைவான தொகையை இழப்பார். பயணிகள் உண்மை என்று நம்பிப் படிக்கும் அறிவிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பது எனக்குச் சிறிய குறையாகத் தோன்றவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பதில் வந்தது. உடைகளுக்கும் கருவிக்குமான 13,250 ரூபாயை யூரோவில் அனுப்பினார்கள். 50 டாலர் பற்றிய பேச்சு அதன்பின் எழவே இல்லை. வாடகை வண்டிக்கு ஒப்பவில்லை. பெட்டியைப் பயணியே வந்து வாங்கவேண்டும் என்பது சுங்கத்துறையின் விதி, எங்களுடையதன்று என்று காரணம் சொன்னார்கள். பெட்டி குறித்த நேரத்தில் வந்திருந்தால் அந்த விதி எங்களைத் தொட்டிருக்காதே என்று மறுகடிதம் எழுதியிருக்கிறேன். சேதத்தைப் பொறுத்தவரை, அறிவிப்பின் அடியிலிருந்த அந்தச் சக்கர வரியை அவர்கள் மேற்கோள் காட்டவே இல்லை. பழுது பார்க்கும் கடையின் மதிப்பீட்டை மட்டும் கேட்டார்கள். பாரிஸில் பெட்டி பழுது பார்ப்பவர் ஒருவர், ஓடு பிளந்த இடத்தில் புதிய சக்கரம் நிற்காது, சீராக்க முடியாது என்று தம் கடைத்தாளில் எழுதிக் கொடுத்தார். அதையும் விரைவு அஞ்சல் ரசீதின் நகலையும் அனுப்பியுள்ளோம்.

வழக்குத் தொடரவேண்டி வந்தால் அதற்கான காலம், விமானம் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். எங்களுக்கு 2027 ஜனவரி 9 வரை. பிளந்த பெட்டியை அதுவரை எறியக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது இப்போது அவர் கட்டிலுக்கு அடியில், பெட்டிச் சீட்டு ஒட்டியபடியே இருக்கிறது.