ஹால் பட்டையா, சூடான முனையா? மின்னூட்ட ஊர்தியின் குறியைக் கண்டறியும் இரண்டு வழிகள்

ஒரு ஜெர்மானியத் துண்டில் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்களா, நேர் மின்னூட்டம்போல நடந்துகொள்ளும் துளைகளா என்று தெரிய வேண்டும். அம்மீட்டர் இதைச் சொல்லாது. எதிர் மின்னூட்டம் இடப்பக்கம் போனாலும் நேர் மின்னூட்டம் வலப்பக்கம் போனாலும் அதற்கு ஒரே அளவீடுதான். இதற்கு ஆய்வகத்தில் இரண்டு வழிகள் உண்டு. பட்டையைக் காந்தப்புலத்தில் வைத்துக் குறுக்கே தோன்றும் ஹால் மின்னழுத்தத்தை அளப்பது ஒன்று. சூடான ஊசி ஒன்றும் குளிர்ந்த ஊசி ஒன்றும் துண்டின் மேல் வைத்து, மல்டிமீட்டரில் குறியைப் பார்ப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்குப் பத்து விநாடி போதும். முதல் வழிக்கு ஒரு பிற்பகல் வேண்டும். அந்தப் பிற்பகலைச் செலவிடுவதால் என்ன கிடைக்கிறது என்பதே இங்கு கேள்வி.

ஹால் வழியின் அடிப்படை எளிது. பட்டையை மேசைமேல் கிடையாக வையுங்கள். மின்னோட்டம் இடமிருந்து வலமாகவும், காந்தப்புலம் மேசையிலிருந்து கூரையை நோக்கியும் இருக்கட்டும். இடக்கை விதிப்படி விசை உங்களை நோக்கி, அதாவது பட்டையின் அருகு விளிம்புப் பக்கம் இருக்கும். மின்னூட்டத்தைச் சுமக்கும் ஊர்தியின் குறி மாறினால் அதன் திசைவேகமும் எதிர்த்திசையில் திரும்பிவிடும். அதனால் இரண்டின் பெருக்கல் மாறாது. எலக்ட்ரானோ துளையோ, இரண்டும் அந்த அருகு விளிம்புக்கே தள்ளப்படும். அந்த விளிம்பு நேர்மின்னழுத்தம் காட்டினால் சுமப்பவை துளைகள், எதிர்மின்னழுத்தம் காட்டினால் எலக்ட்ரான்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அருகு விளிம்பிலும் கறுப்பை எதிர் விளிம்பிலும் பொருத்திவிட்டால் திரையில் வரும் குறியே விடையாக வேண்டும்.

ஆனால் முதல் அளவீட்டிலேயே அது விடையாகிவிடாது. கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் அளவில் துளைகள் மிகுந்த ஒரு பி-வகை ஜெர்மானியப் பட்டையை எடுத்துக்கொள்வோம். தடிமன் 0.5 மி.மீ., அகலம் 5 மி.மீ., ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁵ துளைகள். மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர், புலம் 0.3 டெஸ்லா. R என்பது ஹால் கெழு, p துளை அடர்த்தி, e எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு, t தடிமன்.

```
R  = 1/(p·e) = 6.25 × 10⁻³ m³/C
VH = R·I·B/t = 15 mV
```

15 மில்லிவோல்ட்டைச் சாதாரண மல்டிமீட்டரே காட்டிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பட்டையின் மின்தடை எண் ஏறத்தாழ 3.3 ஓம்-செ.மீ. ஆகவே மின்னோட்டம் ஓடும் திசையில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 53 மில்லிவோல்ட் இறங்குகிறது. குறுக்கு முனைகள் இரண்டும் நேருக்கு நேராக இல்லாமல் 0.34 மி.மீ. தள்ளிப் பற்றவைக்கப்பட்டிருந்தால், காந்தமே இல்லாமல் 18 மில்லிவோல்ட் தோன்றும். கண்ணுக்கு எளிதில் படாத இந்தப் பிசகு ஹால் மின்னழுத்தத்தைவிடப் பெரியது. அதன் குறியும் எதிராக அமைந்துவிட்டால் பி-வகைப் பட்டை எலக்ட்ரான்கள் மிகுந்த என்-வகையாகத் தெரியும்.

இதைப் பிரித்தெடுக்க மின்னோட்டத்தையும் புலத்தையும் தனித்தனியே திருப்பி, நான்கு அளவீடுகள் எடுக்க வேண்டும். முனைப் பிசகு −18 மில்லிவோல்ட் என்றும், முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மாறாத +1 மில்லிவோல்ட் சேர்கிறது என்றும் வைத்துக்கொண்டால் கிடைப்பவை இவை:

```
V(+I,+B) =  −2 mV
V(+I,−B) = −32 mV
V(−I,+B) =  +4 mV
V(−I,−B) = +34 mV

VH = [V(+I,+B) − V(+I,−B) − V(−I,+B) + V(−I,−B)] / 4
   = (−2 + 32 − 4 + 34) / 4 = +15 mV
```

முதல் அளவீட்டோடு நிறுத்தியிருந்தால் −2 என்பதைப் பார்த்து எலக்ட்ரான் என்று எழுதியிருப்போம். முனைப் பிசகு மின்னோட்டத்தோடு மட்டும் திரும்புகிறது, வெப்ப மின்னழுத்தம் எதோடும் திரும்புவதில்லை. ஹால் மின்னழுத்தம் இரண்டோடும் திரும்புகிறது. அதனால்தான் கூட்டிக் கழித்ததும் அது மட்டும் மிஞ்சுகிறது. பட்டையின் குறுக்கே வெப்பநிலை வேறுபாட்டை உண்டாக்கும் எட்டிங்ஸ்ஹாசன் விளைவும் இரண்டோடும் திரும்பும் என்பதால் இந்த முறையில் அது ஒழியாது. ஆனால் குறியை மாற்றும் அளவுக்கு அது பெரும்பாலும் வளராது. சில கருவிகளில் தொடக்க அளவைச் சுழியாக்க ஒரு திருகு இருக்கும். வெப்பநிலை மாறினால் பட்டையின் மின்தடை மாறி அந்தச் சுழியும் நகர்ந்துவிடும். திருகை நம்புவதைவிடப் புலத்தைத் திருப்புவது மேல்.

புலத்தின் திசையும் உறுதியாகத் தெரிய வேண்டும். காந்தத்தில் பூசிய வண்ணத்தையோ மின்காந்தச் சுருளின் முனைக் குறியையோ நம்ப வேண்டாம். சுருளின் இணைப்பை யாராவது மாற்றிச் செருகியிருக்கலாம். காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டரும் உள்ளுக்குள் ஒரு ஹால் சில்லுதான். அதன் எந்த முகம் எங்கே நோக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் அதன் குறியும் பயனற்றது. திசைகாட்டி ஊசி போதும். புலம் வலுவாக உள்ள இடைவெளிக்குள் கொண்டுபோனால் ஊசியின் காந்தமே புரண்டுவிடலாம் என்பதால், சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். ஊசியின் வடமுனையை எந்தத் துருவம் இழுக்கிறதோ அது தென்துருவம். இடைவெளிக்குள் புலம் அதை நோக்கியே போகும்.

இத்தனை பாட்டையும் சூடான முனை வழி மிச்சப்படுத்துகிறது. இதில் காந்தம் இல்லை, வெளியிலிருந்து மின்னோட்டம் இல்லை, துண்டை அளவாக வெட்டவும் வேண்டாம். சூடான இடத்திலிருந்து ஊர்திகள் குளிர்ந்த இடத்துக்குப் பரவுகின்றன. எலக்ட்ரான்கள் விலகிப்போனால் சூடான இடம் நேர்க்குறி பெறும், துளைகள் விலகினால் எதிர்க்குறி பெறும். சிவப்பு முனையைச் சூடாக்கி 200 மில்லிவோல்ட் அளவில் வைத்தால், நேர் அளவீடு என்-வகை, எதிர் அளவீடு பி-வகை. முதன்முறை செய்கிறவர்கள் இதைத் தலைகீழாக எழுதிவிடுவது வழக்கம். வகை தெரிந்த ஒரு துண்டில் முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இதிலும் தவறு நேரும் இடங்கள் உண்டு. சால்டரிங் அயர்னின் முனையை நேராக வைத்தால், அது நிலத்தொடர்பு கொண்டதாக இருக்கும்பட்சத்தில் மின்வழங்கியின் இரைச்சல் உள்ளே வரும். ஒரு எஃகு ஊசியைச் சூடாக்கி அதில் கிளிப் மாட்டுவது பாதுகாப்பு. சிலிக்கான் என்றால் மேலே ஆக்சைடு படலம் இருக்கும். அதைச் சுரண்டாமல் வைத்தால் எண் அலைபாயும். விளக்கு வெளிச்சம் நேராக விழுந்தால், தொடுமுனையில் தோன்றும் ஒளி மின்னழுத்தம் வெப்ப மின்னழுத்தத்தை மூழ்கடிக்கும். கையால் மூடி மறைத்ததும் எண் மாறுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். ஜெர்மானியத்தை அதிகம் சூடாக்கக் கூடாது. அதற்கான காரணத்தில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

மேலே சொன்ன அதே பி-வகைப் பட்டையை மெல்லச் சூடாக்கினால் ஹால் மின்னழுத்தம் சுருங்கி, 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் அருகில் சுழியாகி, பிறகு குறி மாறும். பட்டை என்-வகையாக மாறிவிடவில்லை. அந்த வெப்பநிலையிலும் துளைகளே எலக்ட்ரான்களைவிட ஐந்து மடங்கு போல அதிகம். வெப்பத்தால் எலக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கின்றன. மின்புலத்தில் ஊர்தி எவ்வளவு வேகமாக நகரும் என்பதைச் சொல்வது இயக்க எண். அறை வெப்பநிலையில் ஜெர்மானியத்தில் எலக்ட்ரானின் இயக்க எண் சுமார் 3900 செ.மீ.²/வோல்ட்-விநாடி, துளையினுடையது சுமார் 1900. துளை, எலக்ட்ரான் அடர்த்திகளை p, n என்றும் இயக்க எண்களை μh, μe என்றும் குறித்தால், இரண்டு வகையும் கலந்திருக்கும்போது ஹால் குறியைத் தீர்மானிப்பது எண்ணிக்கை மட்டும் அல்ல:

```
R ∝ p·μh² − n·μe²
```

இது பங்குக்கு ஏற்ப எடை கொடுக்கும் வாக்கெடுப்பு போன்றது, எடை இயக்க எண்ணின் இருமடி. வேகமான எலக்ட்ரான் ஒன்று நான்கு துளைகளுக்கு மேல் ஈடுகட்டும். வெப்பநிலை ஏறும்போது துளையின் இயக்க எண் இன்னும் விரைவாகக் குறைவதால் இந்த விகிதம் மேலும் கூடும். ஹால் மின்னழுத்தம் சுழியாக இருந்தால் ஊர்திகளே இல்லை என்று நினைப்பது இங்கே பெரிய தவறு. அந்தப் புள்ளியில் பட்டையில் ஊர்திகள் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகம்.

சூடான முனை வழியிலும் எடை உண்டு. ஆனால் அங்கே இயக்க எண் ஒருமடியாகத்தான் வருகிறது. அறை வெப்பநிலை இயக்க எண்களை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், துளைகள் எலக்ட்ரான்களைப் போல மும்மடங்காக இருக்கும் ஒரு துண்டில் சூடான முனை ‘பி’ என்கும், ஹால் ‘என்’ என்கும். இரண்டுமே தம் கணக்கில் பொய் சொல்லவில்லை. எந்த வகை எண்ணிக்கையில் அதிகம் என்பதுதான் கேள்வி என்றால் இங்கே சூடான முனை உண்மைக்கு அருகில் நிற்கிறது. எளிய கருவி என்று அதை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உலோகத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். செம்பின் ஹால் குறி எதிர், எலக்ட்ரான் என்றே சொல்கிறது. அதன் வெப்ப மின்னாக்கக் கெழுவோ நேர்க்குறி, ஒரு டிகிரிக்கு இரண்டு மைக்ரோவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. குறைகடத்திக்குரிய விதியை அப்படியே இங்கு வைத்தால் செம்பில் துளைகள் ஓடுகின்றன என்று ஆகும். போதாததற்கு, செம்பு முனைகளையே பயன்படுத்தினால் மீட்டர் சுழியே காட்டும். ஆகவே உலோகத்துக்குச் சூடான முனை வேண்டாம்.

ஆனால் உலோகத்தில் ஹால் அளவீடு எளிதல்ல. 18 மைக்ரான் தடிமனும் 10 மி.மீ. அகலமும் உள்ள செம்புத் தகட்டில் 10 ஆம்பியரை ஓட்டி 0.5 டெஸ்லா புலத்தில் வைத்தாலும் சுமார் 15 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். அங்கே 0.2 மி.மீ. முனைப் பிசகு 190 மைக்ரோவோல்ட் தரும். எட்வின் ஹால் 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டை எடுத்ததற்கும் காரணம் இதுவே: தடிமன் குறையக் குறைய மின்னழுத்தம் கூடும். எலக்ட்ரான் கண்டறியப்பட அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.

ஹால் அடுத்து இரும்பை அளந்தபோது குறி தங்கத்துக்கு எதிராக வந்தது. இரும்பில் பெரும்பகுதி அதன் காந்தமாக்கத்திலிருந்து வருவதால் அந்தக் குறியை வைத்து ஊர்தியைப் பேச முடியாது. துத்தநாகம், காட்மியம், பெரிலியம் ஆகியவை காந்தப்பொருள்கள் அல்ல, ஆனாலும் நேர்க்குறி காட்டுகின்றன. அவற்றில் ஓடுவதும் எலக்ட்ரான்களே. நிரம்பும் தறுவாயில் உள்ள ஆற்றல் பட்டையில் அவை புலத்துக்குக் காட்டும் எதிர்வினை நேர் மின்னூட்டத்தினுடையதாக அமைகிறது, அதைத்தான் துளை என்கிறோம்.

குறைகடத்தி வேஃபர் எந்த வகை என்று மட்டும் பிரிக்க வேண்டுமானால் சூடான முனை போதும், ஹால் வீண் உழைப்பு. ஊர்தி அடர்த்தியும் இயக்க எண்ணும் வேண்டுமானால், அல்லது பொருள் உலோகமானால், ஹால் தவிர வேறு வழியில்லை. ஒரே குறைகடத்தித் துண்டில் இரண்டும் முரண்பட்டால் கருவியைச் சந்தேகிக்கும் முன் துண்டைக் குளிர்வியுங்கள். வெப்பத்தால் பிறந்த இணைகள் குறைந்து, மாசு அணுக்கள் தந்த ஊர்திகளே மிஞ்சும்போது இரண்டும் ஒரே குறி காட்ட வேண்டும். அப்போதும் காட்டாவிட்டால் நான்கு அளவீடுகளையும் புலத்தின் திசையையும் மறுபடி பாருங்கள்.